நூறு பேர் நிச்சயதார்த்தம்: செலவு இலையில இல்லை, மேடையில இருக்கு

"சின்னதா பண்றோம் சார், நூறு பேர்தான். ஒரு லட்சத்துல முடிச்சிடலாம்ல?" இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருது. கேக்குறவங்க பெரும்பாலும் 26, 28 வயசுல வேலைக்குப் போற பசங்க, பொண்ணுங்க. கல்யாணத்துக்கு எஸ்ஐபி போட்டு வச்சிருப்பாங்க, நகைக்குத் தனியா சேத்திருப்பாங்க. நிச்சயதார்த்தத்துக்கு மட்டும் கணக்கே இருக்காது. "அது சின்ன ஃபங்ஷன்தானே"ன்னு விட்டுடுவாங்க.

அப்புறம் பட்ஜெட் எகிறும். எகிறினதும் வீட்ல முதல்ல கை வைக்கிற இடம் ஆள் லிஸ்ட். "அந்தச் சித்தப்பா குடும்பத்தை கல்யாணத்துக்குக் கூப்பிட்டுக்கலாம்", "ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ் வேணாம்"னு பேரை அடிக்க ஆரம்பிப்பாங்க. என் கருத்து இதுக்கு நேர் எதிர். மண்டபத்துல பண்ற சின்ன நிச்சயதார்த்தத்துல ஆளைக் குறைச்சா பெருசா காசு மிஞ்சாது, மனஸ்தாபம்தான் மிஞ்சும். குறைக்கணும்னா மேடையில குறைங்க. ஏன்னு கணக்கோட சொல்றேன்.

பேப்பர்ல எழுதின கணக்கு

உதாரணத்துக்கு திருச்சியில ஒரு பொண்ணு வீடு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஏசி மினி ஹால், டைனிங் ஹால்ல ஒரு பந்திக்கு 50 பேர் உக்காரலாம். விலையெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். அதனால ரூபாயை விட, கணக்கு எப்படிப் போகுதுன்னு பாருங்க. வீட்ல உக்காந்து இப்படி எழுதுறாங்க:

- ஹால் வாடகை: 25,000
- சாப்பாடு, 100 இலை, இலைக்கு 400: 40,000
- மேடை அலங்காரம்: 18,000
- மாலை ஒரு ஜோடி: 3,000
- போட்டோ, வீடியோ: 20,000
- ஐயர் தட்சணை: 3,000

மொத்தம் 1,09,000. மோதிரம், புடவை, மேக்கப் எல்லாம் இதுல இல்லை. அதைக் கல்யாண ஜவுளி, நகைக் கணக்குல வச்சிட்டாங்க, அது சரிதான்.

இந்தக் கணக்குல எந்த விலையும் தப்பில்லை. எல்லாமே கேட்டு எழுதினது. ஆனா எல்லாமே கொட்டேஷனோட முதல் வரி மட்டும்தான். பில்லு அந்த வரியோட நிக்காது.

விட்டுப்போன 35,000

முதல்ல ஹால். 25,000 வாடகைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, அது 4,500. அடுத்து கரண்ட். பல மண்டபங்கள்ல வாடகையில கரண்ட் சேராது, மீட்டர் ரீடிங் பார்த்து அவங்க வச்சிருக்கிற ரேட்ல போடுவாங்க. ஏசி ஆறு மணி நேரம் ஓடினா 160 யூனிட், யூனிட்டுக்கு 25 ரூபாய்னா 4,000. கிளீனிங், குப்பை எடுக்கிறதுக்கு 2,500. ஆக ஹால் 25,000 இல்லை, 36,000.

இங்க ஒரு வேலை மறக்காம பண்ணுங்க. சாவி வாங்கும்போதே மீட்டரை போட்டோ எடுத்துடுங்க, கிளம்பும்போது இன்னொண்ணு. ஜெனரேட்டர் ஓடினா மணிக்கு எவ்வளவுன்னும் முன்னாடியே கேட்டு எழுதிக்கோங்க. ராத்திரி பத்து மணிக்கு, எல்லாரும் களைச்சுப்போய் நிக்கும்போது, மேனேஜர் நீட்டுற துண்டுச் சீட்டை யாரும் சரிபார்க்க மாட்டாங்க.

அடுத்து போட்டோ. 20,000ங்கிறது ஒரு போட்டோகிராபர், ஒரு வீடியோகிராபர், நாலு மணி நேரம், சாஃப்ட் காப்பி. ஆல்பம் அதுல இல்லை, அதுக்குத் தனியா 8,000. நாலு மணி நேரம் எப்போ தொடங்குதுன்னும் கேக்கணும். மேக்கப் ரூம்லயே ஷூட் ஆரம்பிச்சா, தட்டு மாத்தி முடிக்கும்போது நேரம் முடிஞ்சிருக்கும்.

மூணாவது சடங்கு. வீட்டுக் கணக்குல ஐயர் மட்டும்தான் இருந்தார். நிச்சயதாம்பூலத்தோட உயிரே தட்டுதான். வெற்றிலை பாக்கு, தேங்காய், மஞ்சள் குங்குமம், பூ, பழ வகை, ஸ்வீட், கற்கண்டு, டிரை ஃப்ரூட், வளையல், புடவைன்னு ஒத்தைப்படையில 11 தட்டு வைக்கிறாங்கன்னு வச்சுப்போம். புடவை விலையை விட்டுட்டு, அலங்காரத்தோட சேர்த்து தட்டுக்கு சராசரியா 600 ரூபாய், மொத்தம் 6,600. பூஜைச் சாமான், லக்னப் பத்திரிகை எல்லாம் 1,400. இது 8,000.

கடைசியா இலையோட ஒட்டிக்கிட்டு வர்ற செலவு. 400 ரூபாய் இலைக்கு கேட்டரர் 5 சதவீதம் ஜிஎஸ்டி போட்டா 20. தண்ணி பாட்டில், வரவேற்பு ஜூஸ் 20. தாம்பூலப் பையும் பெண்களுக்குக் குடுக்கிற மல்லிகைப் பூவும் தலைக்கு சராசரியா 40. தாம்பூலப் பை குடும்பத்துக்கு ஒண்ணுதான், பூவும் பாதிப் பேருக்குத்தான், அதான் சராசரி கம்மியா வருது. ஆக ஒரு தலைக்கு 400 இல்லை, 480. நூறு பேருக்கு 8,000 கூடுதல்.

ஹால்ல 11,000, ஆல்பம் 8,000, சடங்கு 8,000, இலையில 8,000. மொத்தம் 35,000. உண்மையான எஸ்டிமேட் 1,44,000. வீட்டுக் கணக்கை விட கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு அதிகம்.

இந்த 35,000 தனியா ஒரு பெரிய பில்லா வந்தா பரவாயில்லை, யோசிச்சிருப்பீங்க. இது கடைசி ஒரு வாரத்துல, துண்டு துண்டா, ஜிபேல போகும். கைல இல்லைன்னா கார்டுல போகும். கார்டு பாக்கியை முழுசா கட்டாம மினிமம் ட்யூ மட்டும் கட்டினா, மாசத்துக்கு மூன்றரை சதவீதம்னு வச்சாலே 35,000க்கு 1,200 ரூபாய்க்கு மேல வட்டி. கல்யாணத்துக்குச் சேர்க்க வேண்டிய மாசங்கள்ல நிச்சயத்துக்கு வட்டி கட்டிட்டு இருப்பீங்க.

இப்போ இதையே ரெண்டா பிரிங்க

இந்த 1,44,000ஐ ரெண்டு டப்பாவுல போட்டுப் பார்ப்போம். ஆள் எத்தனை வந்தாலும் மாறாத செலவு ஒரு டப்பா. தலைக்குத் தலை ஏறுற செலவு இன்னொரு டப்பா.

மாறாத செலவு: ஹால் 36,000, மேடையும் மாலையும் 21,000, போட்டோ ஆல்பத்தோட 28,000, சடங்கு 11,000. மொத்தம் 96,000.

தலைச் செலவு: 480 பெருக்கல் 100, அதாவது 48,000.

ஒருத்தரும் வரலைன்னாலும் 96,000 போயிடும். மூணுல ரெண்டு பங்கு அதுதான். இப்போ நூறு பேரை ஐம்பதா குறைச்சா என்ன ஆகும்? பாதி சொந்தக்காரங்களை வெட்டிட்டீங்க, செலவு பாதியா ஆகணும்ல? ஆகாது. 1,20,000ல நிக்கும். ஐம்பது பேரோட வருத்தத்தைச் சம்பாதிச்சு மிச்சம் பிடிச்சது 24,000.

நாலு பேர் இருக்கிற ஒரு சித்தப்பா குடும்பத்தோட விலை 1,920 ரூபாய். அதே வீட்ல, "மேடையில ஃபேப்ரிக் வேணாம், முழுக்க நிஜப் பூவே போடலாம்"னு 18,000 அலங்காரத்தை 35,000க்கு மாத்துவாங்க. அந்த ஒரு முடிவு 35 பேர் சாப்பாட்டுக்குச் சமம். கேண்டிட் போட்டோகிராபர் ஒருத்தர் கூடுதலா 15,000ன்னா, அது 31 பேர். யாரும் அப்படிப் பார்க்கிறதில்லை, ஏன்னா பூ "அழகு" கணக்குல போகுது, சித்தப்பா "செலவு" கணக்குல போறார்.

அதனால நான் சொல்ற வழி ஒண்ணுதான்: எந்த அப்கிரேட் பத்திப் பேசினாலும் அதை 480ஆல வகுத்து, "இது எத்தனை இலை?"ன்னு கேளுங்க. பதில் வந்ததும் வேணுமா வேணாமான்னு வீடே முடிவு பண்ணிடும்.

ஆனா ஆள் கணக்கு முக்கியமாகிற ஒரு இடம் இருக்கு

ஆளைக் கூட்டிட்டே போலாம்னு சொல்லலை. தலைச் செலவு படிக்கட்டு மாதிரி. ஒரு படிக்குள்ள இருக்கிற வரைக்கும் ஒரு ஆள் 480 ரூபாய்தான். படியைத் தாண்டினா கதை மாறும்.

நம்ம உதாரண ஹால்ல ஒரு பந்திக்கு 50 பேர். நூறு பேர்னா ரெண்டு பந்தி, ஒரு பந்தி முக்கால் மணி நேரம்னா ஒன்றரை மணி நேரத்துல சாப்பாடு முடியும். 150 பேர்னா மூணாவது பந்தி. ஹாலை பத்து மணிக்கு ஒப்படைக்கணும்னா, கடைசிப் பந்தியை அவசர அவசரமா எழுப்பணும், இல்லன்னா கூடுதல் மணி நேரத்துக்குக் காசு கட்டணும். அதுக்குப் பயந்து பெரிய ஹாலுக்குப் போனா, வாடகை 25,000லிருந்து 45,000 ஆகும். ஜிஎஸ்டியோட வித்தியாசம் 23,600. ஐம்பது பேரோட தலைச் செலவு 24,000தான், ஆனா ஹால் மாறினதால மொத்தம் 47,600 ஏறிடுச்சு. பெரிய ஹால்ல மேடையும் பெருசு, அலங்கார ரேட்டும் ஏறும்.

அதனால வரிசை முக்கியம். முதல்ல ரெண்டு வீட்டுக்காரங்களும் பேர் பேரா எழுதின லிஸ்ட். "எங்க சைடு ஒரு பதினைஞ்சு குடும்பம்"ங்கிறது லிஸ்ட் இல்லை. பதினைஞ்சு குடும்பம் முப்பது பேராவும் இருக்கலாம், எழுபது பேராவும் இருக்கலாம். அந்த லிஸ்ட்டுக்குப் பொருந்துற ஹால் அடுத்து. ஹால் புக் பண்ணின பிறகு, அதோட ரெண்டு பந்திதான் உங்க எல்லை. எல்லைக்குள்ள யாரையும் அடிக்காதீங்க, எல்லையைத் தாண்டி யாரையும் சேர்க்காதீங்க.

கேட்டரர்கிட்ட என்ன நம்பர் சொல்றது?

இங்கதான் நிறைய பேர் அடி வாங்குறாங்க. கேட்டரர் மினிமம் கியாரண்டி கேப்பார். 100 இலைன்னு சொல்லிட்டு 80 பேர் வந்தா, பில்லு 100க்குத்தான். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் அரிசி, காய்கறி, ஆள் எல்லாம் நூறுக்குத்தான் போட்டார்.

லிஸ்ட்ல 104 பேர் இருந்தா, உள்ளூர் எவ்வளவு, வெளியூர் எவ்வளவுன்னு பார்த்து 90 பேர் வருவாங்கன்னு கணிக்கலாம். அதோட வீட்டுக் கணக்குல யாரும் சேர்க்காத பத்துப் பேர் இருக்காங்க: போட்டோ, வீடியோ ஆட்கள், அலங்காரம் பண்றவங்க, மேக்கப் போட வந்தவங்க, வேன் டிரைவர், ஹால் வாட்ச்மேன். அவங்களும் சாப்பிடத்தான் போறாங்க, சாப்பிடணும். ஆக எஸ்டிமேட் 100 இலை. ஆனா கியாரண்டி 90 குடுங்க. "90க்கு மேல 10 இலை வரைக்கும் அதே ரேட், அதுக்கு ஏத்த சமையல் இருக்கும்"னு வாட்ஸ்அப்ல எழுதி வாங்கிடுங்க. வாய்வார்த்தையா விட்டா, கூடுதல் இலைக்கு ரேட் ஏறும், இல்லன்னா கடைசிப் பந்தியில ஸ்வீட் இருக்காது.

அன்னைக்கு இலை எண்ண ஒரு ஆளைப் போடுங்க. கல்யாண மாப்பிள்ளையையோ பொண்ணோட அப்பாவையோ இல்லை, ஒரு மச்சானையோ சித்தி பையனையோ. பந்திக்குப் பந்தி போட்ட இலையை எண்ணி, கேட்டரரோட சூப்பர்வைசர்கிட்ட அப்பவே சொல்லி ஒத்துக்க வைக்கணும். சாப்பாடு எல்லாம் முடிஞ்ச பிறகு எண்ணினா அவர் சொல்றதுதான் எண்ணிக்கை.

ஜிஎஸ்டி பத்தி ஒரு வார்த்தை. நம்ம குடும்ப விசேஷத்துக்கு இன்புட் கிரெடிட் எல்லாம் கிடையாது, கட்டுற வரி முழுக்க நம்ம செலவுதான். அதனால கொட்டேஷன் வாங்கும்போதே "வரியோட எவ்வளவு?"ன்னு கேளுங்க. பதிவு பண்ணாத சின்ன கேட்டரர் ஜிஎஸ்டி வசூலிக்கவே கூடாது. பில்லுல வரி போட்டிருந்தா ஜிஎஸ்டி எண் இருக்கணும், அதை ஜிஎஸ்டி போர்ட்டல்ல போட்டுச் சரிபார்க்க ஒரு நிமிஷம் ஆகும். ரூம் வாடகை நாளுக்கு 7,500க்கு மேல இருக்கிற பெரிய ஹோட்டலோட பார்ட்டி ஹால்ல பண்ணினா சாப்பாட்டுக்கும் 18 சதவீதம் வரும். "வெளிய பண்ற ரேட்டும் இதுவும் ஒண்ணுதானே"ன்னு ஒப்பிடும்போது இதைச் சேர்த்துக்கோங்க.

அப்போ எங்க குறைக்கிறது?

96,000 டப்பாவுல.

போட்டோ முதல்ல. கல்யாணத்துக்கும் அதே போட்டோகிராபர்தான்னா, நிச்சயத்துக்குத் தனி ஆல்பம் வேணாம்னு சொல்லுங்க. கல்யாண ஆல்பத்துல பத்துப் பக்கம் நிச்சயத்துக்கு ஒதுக்கினா போதும். 8,000 மிச்சம். "கல்யாண பேக்கேஜ் எடுத்தா நிச்சயம் ஃப்ரீ"ன்னு சொன்னா, நிச்சயம் இல்லாம கல்யாண பேக்கேஜ் எவ்வளவுன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அந்த வித்தியாசம்தான் "ஃப்ரீ"யோட விலை.

அடுத்து பூ. பூ விலை நாளைப் பொறுத்தது. பனிக்காலத்துல மல்லிகை வரத்து குறைஞ்சு விலை பல மடங்கு ஏறும். பெரிய முகூர்த்த நாள்லயும் அப்படித்தான், ஊரே அன்னைக்குப் பூ வாங்குது. நிச்சயத்துக்குக் கல்யாண முகூர்த்தம்தான் வேணும்னு பல வீடுகள்ல கட்டாயம் இல்லை, நல்ல நாளா இருந்தா போதும்னு ஒத்துப்பாங்க. முகூர்த்தம் இல்லாத ஒரு நல்ல நாளைக் கேட்டுப் பாருங்க, ஹால்லயும் பேரம் பேச இடம் கிடைக்கும். மேடையில பின்னணிக்குத் துணி, நிஜப் பூ முன்னாடி மட்டும்னு வச்சா 18,000 அலங்காரம் 10,000க்குள்ள வரும். இன்னொரு 8,000.

இந்த ரெண்டுலயே 16,000. இதே தொகையை ஆளைக் குறைச்சு மிச்சம் பிடிக்கணும்னா 33 பேரை லிஸ்ட்லேர்ந்து எடுக்கணும். யாரை எடுப்பீங்க?

தட்டு விஷயத்துல கை வைக்க வேணாம், ஆனா எண்ணிக்கையை முன்னாடியே பேசிடுங்க. நீங்க 11 தட்டு வச்சிருக்கும்போது மாப்பிள்ளை வீட்ல 21 தட்டோட வந்து இறங்கினா, "நம்மளும் சமமா வைக்கணும்"னு கடைசி நேரத்துல பத்து தட்டு ஏறும். 6,000 ரூபாய், அதுவும் அவசர ரேட்ல. சம்பந்தி ரெண்டு பேர் அஞ்சு நிமிஷம் போன்ல பேசினா தீர்ற விஷயம்.

யார் கட்டுறது?

இது கொஞ்சம் பேருக்குப் பிடிக்காது, இருந்தாலும் சொல்றேன். நம்ம பக்கம் நிறைய சமூகங்கள்ல நிச்சயதார்த்தம் பொண்ணு வீட்டுச் செலவு. அந்த வழக்கத்தை மாத்துறதும் விடுறதும் உங்க ரெண்டு வீட்டு விஷயம். ஆனா ஒரு கணக்கு விதி எல்லாருக்கும் பொருந்தும்: படியைத் தாண்ட வைக்கிறவங்க அந்தப் படிக்குக் காசு குடுக்கணும். "எங்க பக்கம் இன்னும் ஐம்பது பேர் வருவாங்க"ன்னு ஹாலை மாத்த வச்சா, அந்த 47,600ல அவங்க பங்கு இருக்கணும். "கேண்டிட் இல்லாம எப்படி?"ன்னு கேட்டா, அந்த 15,000 கேட்டவங்களோடது.

இதைப் பெரியவங்க பேச மாட்டாங்க. சம்பந்தம் பேசுற நேரத்துல காசைப் பத்திக் கேட்டா தப்பாயிடும்னு பொண்ணோட அப்பா தலையாட்டிடுவார், பிஎஃப்லயோ நகைக் கடன்லயோ சமாளிப்பார். பேச வேண்டியது நீங்க ரெண்டு பேர், பொண்ணும் மாப்பிள்ளையும். ரெண்டு பேரும் சம்பளம் வாங்குறீங்க. 96,000 டப்பாவுல இருக்கிற முக்கால்வாசி விஷயம், மேடை, போட்டோ, ஏசி ஹால், உங்க ஆசைக்காக வர்றது. அதுல பாதிப் பாதி போட்டுக்கிட்டா தலைக்கு 48,000. சாப்பாடும் தாம்பூலமும் வீட்டுப் பெரியவங்க மரியாதையா செய்யட்டும்.

கடைசியா, கையில எவ்வளவு வச்சுக்கணும்? செலவு 1,44,000. அதோட ஹால் டெபாசிட் 10,000. அது திரும்பி வரும், ஆனா அன்னைக்குக் கையில இருக்கணும். எதிர்பாராததுக்கு அஞ்சு சதவீதம், ஒரு 7,000. ஆக 1,61,000 தனி அக்கவுண்ட்ல இருந்த பிறகு ஹாலுக்கு அட்வான்ஸ் குடுங்க. அதுக்கு முன்னாடி தேதி மாறினா அட்வான்ஸ் என்ன ஆகும்னு ரசீதுலயே எழுதி வாங்கிடுங்க. "பில் வேணாம்னா ஜிஎஸ்டி இல்லாம தர்றோம்"னு சொல்ற இடத்துல அந்த ரசீதும் கிடைக்காது. 4,500 மிச்சம் பிடிக்கப் போய் 25,000ஐ நம்பிக்கையில விட வேண்டாம்.

உங்க ஊர் ஹால் வாடகை, இலை ரேட் போட்டு இதே ரெண்டு டப்பா கணக்கைப் போட்டுப் பாருங்க. உங்க மாறாத செலவு எவ்வளவு வருதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. பேரை அடிக்கிற பேனாவை அதுவரைக்கும் கீழ வச்சிருங்க.